படத்துக்கு அனுமதி கேட்கும் கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்மேற்குப் பருவமழை பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் வெளியிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் பாடநூலில், ஜூலை மாதக் காற்றோட்டத்தைக் காட்டும் படம் இருக்கிறது. அதைத் தமிழ்ச் சொற்களோடு எங்கள் நூலில் சேர்க்க விரும்புகிறேன். அனுமதி கேட்டுத் தமிழில் கடிதம் எழுதி, வரிக்கு வரி ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. இரண்டு கடிதங்களையும், படம் உள்ள பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன். என் மொழிபெயர்ப்பில் பிழையா?

ஆர்., தென்காசி

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது. அனுமதி தரும் மேசையில் இருப்பவருக்குத் தேவையான விவரங்கள் தமிழ்க் கடிதத்திலேயே இல்லை. அதனால் எவ்வளவு நன்றாகப் பெயர்த்தாலும் அவை ஆங்கிலத்தில் வந்திருக்காது.

முதலில் படத்தின் விளக்கக் குறிப்பைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அதன் கடைசி வரி பொடி எழுத்தில் இருக்கிறது. ஓர் ஆய்விதழ்க் கட்டுரையிலிருந்து, அனுமதி பெற்று, சற்று மாற்றி எடுத்தது என்று சொல்கிறது. அப்படியானால் அந்தப் பாடநூல் பதிப்பகமே இந்தப் படத்துக்கு இரவல்காரர்தான். அவர்கள் தங்கள் நூலுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள், அதை உங்களுக்குக் கைமாற்றித் தரும் உரிமை பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது. பதில் வந்தாலும் 'மூல உரிமையாளரைக் கேளுங்கள்' என்றுதான் வரும். அவர்கள் செய்த சிறு மாற்றத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கலாம் என்பதால், மூலக் கட்டுரையில் இருக்கும் படத்தையே எடுத்துக்கொள்வது நல்லது. அனுமதி கேட்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

பாடநூலின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலில் அந்தக் கட்டுரையின் விவரம் இருக்கும். அதை வைத்து ஆய்விதழின் தளத்தில் கட்டுரையைத் திறங்கள். அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது உரிமையாளர் எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் பொது அனுமதி, குறிப்பிட்டிருந்தால் நீங்கள் கடிதமே எழுத வேண்டியதில்லாமல் போகலாம். CC BY என்று மட்டும் இருந்தால் மூலத்தைச் சொல்லி, உரிமத்தைக் குறிப்பிட்டு, சொற்களைத் தமிழாக்கியதைத் தெரிவித்தால் போதும். கூடவே ND இருந்தால் மாற்றிய படத்தை வெளியிட அந்த உரிமம் இடம் தராது, உங்கள் தமிழ்ச் சொற்களும் மாற்றம்தான். NC இருந்தால் விலைக்கு விற்கும் நூலில் சிக்கல் வரும். இந்த இரண்டுக்கும் தனியாக அனுமதி வேண்டும்.

உரிமம் எதுவும் இல்லையென்றால் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதிக்கான இணைப்பைத் தேடுங்கள். பல ஆய்விதழ்கள் RightsLink என்ற சேவையின் வழியாக அனுமதி தருகின்றன. இல்லாவிட்டால் பதிப்பகத்தின் பெர்மிஷன்ஸ் பிரிவுக்கு எழுத வேண்டும். நீங்கள் பதிப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறீர்கள், அது அவருடைய வேலை இல்லை. கட்டுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது மரியாதை. ஆனால் பெரும்பாலும் அவர் காப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார், அவர் 'தாராளமாக' என்று சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். 'தங்கள் படத்தை எங்கள் நூலில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படம், எந்தப் பக்கம் என்று இல்லை. பயன்படுத்துவது என்றால் அப்படியே அச்சிடுவதா, மாற்றி அச்சிடுவதா என்றும் தெரியவில்லை. பதிப்பகங்களுக்கு இவை இரண்டு வேறு கோரிக்கைகள். முதலாவது ரீப்ரொட்யூஸ், இரண்டாவது அடாப்ட். அப்படியே அச்சிட அனுமதி வாங்கிவிட்டுத் தமிழ்ச் சொற்களைப் போட்டால் நீங்கள் வாங்கிய அனுமதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று ஆகும். எங்கள் நூல் என்பதும் போதாது. எத்தனை படி, என்ன விலை, மின்னூல் உண்டா, எந்த மொழி என்பதை வைத்துத்தான் கட்டணமும் நிபந்தனையும் முடிவாகும். காகிதப் பதிப்புக்கு மட்டும் கேட்டுவிட்டால், மின்னூல் போடும்போது திரும்பவும் எழுத வேண்டிவரும்.

இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவிட்டால் ஆங்கிலமாக்குவது சுலபம். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் செய்கிறார்கள் என்பது இருக்கட்டும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் நமக்குப் புரியும். ஆங்கிலமாக்கும்போது வெளியிடுவது நீங்களா, பதிப்பகமா என்ற கேள்வி எழுந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உங்கள் இதழின் இந்தத் தொகுதியில், இந்த ஆண்டு வெளியான, இந்தத் தலைப்புள்ள கட்டுரையின் 3ஆம் படத்தை (பக்கம் 112) வெளியிட அனுமதி கேட்டு எழுதுகிறேன். கட்டுரையின் டிஓஐ எண் இது. நான் எழுதியுள்ள தமிழ் நூலில் இந்தப் படம் ஒருமுறை இடம்பெறும். படத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களை மட்டும் தமிழாக்குவோம், கோடுகளையும் அம்புக்குறிகளையும் மாற்ற மாட்டோம். நூலைச் சென்னையில் உள்ள இந்தப் பதிப்பகம் வெளியிடுகிறது. முதல் அச்சு 500 படிகள், விலை 180 ரூபாய், மின்னூலும் வரும். இந்தப் பதிப்புக்கும் இதன் மறு அச்சுகளுக்கும், தமிழில் மட்டும், உலகம் முழுவதும், தனியுரிமை கோராத அனுமதி வேண்டும். கட்டணம் இருந்தால் தெரிவியுங்கள். எந்த வாசகத்தில் நன்றி குறிப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இந்த உரிமை உங்களிடம் இல்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

படத்தின் எண்ணும் பக்கமும் நான் போட்ட மாதிரிதான். 500, 180 என்பவையும் அப்படியே. உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். டிஓஐ என்பது ஒரு கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண், கட்டுரைப் பக்கத்திலேயே இருக்கும். தனியுரிமை கோராத என்பதற்கு ஆங்கிலத்தில் நான்-எக்ஸ்க்ளூசிவ் என்பார்கள். வேறு யாருக்கும் தருவதை நான் தடுக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் இருந்தால் தருகிறவருக்குத் தயக்கம் குறையும்.

பழைய கடிதத்தில் முதல் ஆறு வரிகள் பதிப்பகத்தின் புகழும் உங்கள் ஆசிரியப் பணியும். தமிழில் அப்படித் தொடங்குவது பண்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் மட்டும் முதல் வாக்கியத்திலேயே கோரிக்கை வரட்டும். நூல் பள்ளி மாணவர்களுக்கானது, சிறு பதிப்பகம் வெளியிடுகிறது என்பதைக் கட்டண வரிக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியமாகச் சேருங்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அதுதான் இடம். மின்னஞ்சலின் பொருள் வரியிலும் இதழின் பெயரும் பட எண்ணும் இருக்கட்டும், படத்தின் நகலையும் இணையுங்கள்.

பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் கழித்து அதே கடிதத்தையும் இணைத்து நினைவூட்டுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால், அல்லது கட்டணம் உங்களுக்குத் தாங்காதென்றால், வேறு வழி இருக்கிறது. ஜூலையில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்ற தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. அதைக் காட்டிய வரைபடத்துக்குத்தான் உண்டு. கடலையும் வானிலையையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு, பல பத்தாண்டுகளின் காற்றுத் தரவுகளை இலவசமாகத் தருகிறது. அதிலிருந்து ஜூலை சராசரியை எடுத்து, இந்தியப் பெருங்கடலும் அரபிக்கடலும் தெரியும்படி புதிதாக ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள், தரவின் மூலத்தைக் கீழே குறிப்பிடுங்கள். பாடநூல் படத்தின் மேல் தாளை வைத்து நகலெடுத்து, அம்புக்குறிகளை மட்டும் வேறு நிறத்தில் போட்டால் அது புதிய படம் ஆகாது.

அனுமதி வந்துவிட்டால் அவர்கள் தரும் நன்றி வாசகத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். தமிழாக்கம் வேண்டுமென்றால் அதற்கு அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளலாம். மின்னஞ்சலையும் உரிமத் தாளையும் உங்கள் பதிப்பாளரிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். மறு அச்சு போடும்போது முதலில் தேடப்போகிறவர் அவர்தான்.