சிக்னல் முழுசு, வேகம் மட்டும் இல்லை

"சோமனூர்ல மாடி வீடுங்க. 4ஜி ரூட்டர்ல கட்டை முழுசா நிக்குது, வீடியோ சுத்திட்டே இருக்கு. RSRP -78, SINR 1னு காட்டுது."

கட்டை பெரும்பாலும் RSRP-ஐப் பார்த்துத்தான் ஏறும், அது டவரிலிருந்து வரும் சிக்னலின் பலம் மட்டும்ங்க. வேகத்தைத் தீர்மானிப்பது SINR, அதாவது உங்க டவரின் சிக்னல், மற்ற டவர்களின் குறுக்கீடும் சேர்ந்த இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. தறி ஓடும் கொட்டகையில் பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதி வார்த்தைதான் புரியும், இல்லீங்களா? SINR டெசிபெல் கணக்கு: 0 என்றால் சிக்னலும் இரைச்சலும் சமம், 10 என்றால் சிக்னல் பத்து மடங்கு. உங்களுக்கு 1, கிட்டத்தட்ட சமம்தான், அதனால் டவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் தரவை ஏற்றி அனுப்பும். மாடியில் அதே அலைவரிசையில் இன்னொரு டவரும் நேராக விழுகிறது என்று நினைக்கிறேன். ரூட்டரைக் கீழே, அந்த டவரைச் சுவர் மறைக்கும் பக்கமாக வைத்துப் பாருங்க. கட்டை ஒன்று குறைந்தாலும் SINR 12, 15 என்று ஏறினால் அதுதான் சரியான இடம். 20-க்கு மேல் போயும் சாயங்காலம் மட்டும் இழுத்தால், அது டவரில் கூட்டம், இடம் மாற்றித் தீராதுங்க.