ஒளிக்கு வழி தெரியுமா?

அன்புள்ள ஐயா,

நான் இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் செல்கிறது’ என்ற ஃபெர்மாவின் கொள்கையிலிருந்து ஒளிவிலகல் விதியை வகுப்பில் வருவித்துக் காட்டினார்கள். நேரத்துக்கு ஒரு கோவை எழுதி, வகைக்கெழுவைச் சுழியாக்கி, நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். கணக்கு புரிகிறது, மனம் ஏற்க மறுக்கிறது. நீரைத் தொடுவதற்கு முன்பே, நீருக்குள் தன் வேகம் குறையும் என்பதும் தான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் ஒளிக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பாதைகளையும் அளந்து பார்த்துவிட்டா அது கிளம்புகிறது? விடையை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதிய கணக்கோ என்று சந்தேகமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

உங்கள் சந்தேகத்துக்கு 360 வயது. 1662இன் தொடக்கத்தில் ஃபெர்மா இந்த வருவிப்பைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அதே ஆண்டு மே மாதம், டெகார்ட்டின் ஆதரவாளரான கிளெர்செலியே அதை மறுத்து எழுதினார். இயற்கை முன்யோசனையோடும் விருப்பத்தோடும் செயல்படுவதில்லை, ஆகவே குறைந்த நேரம் என்பது ஒளியை நகர்த்தும் காரணமாக இருக்க முடியாது என்பது அவருடைய வாதம். இயற்கையின் அந்தரங்கம் தனக்குத் தெரியும் என்று தான் சொல்லிக்கொள்ளவில்லை, வடிவியல் உதவியைத்தான் தர முன்வந்தேன் என்ற பொருளில் ஃபெர்மா பதில் எழுதினார். அன்று அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை. இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த நான்கு வரிகளை நாற்பது வரிகளாக விரித்துப் பார்க்க வேண்டும். வகைக்கெழுவைச் சுழியாக்கும் இடத்தில்தான் விஷயம் முழுவதும் ஒளிந்திருக்கிறது. அதை விரைந்து கடந்துவிட்டதால்தான் உங்களுக்கு அது வித்தை போலத் தெரிகிறது.

ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே ஒரு விளக்கு எரிகிறது. குளத்தின் தரையில், 4 மீட்டர் ஆழத்தில் ஒரு காசு கிடக்கிறது. விளக்குக்கு நேர்கீழே நீர்மட்டத்தில் இருக்கும் புள்ளியிலிருந்து காசுக்கு நேர்மேலே இருக்கும் புள்ளி 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. நீரில் ஒளியின் வேகம் காற்றில் இருப்பதன் முக்கால் பங்கு. அதாவது, நீருக்குள் ஒரு மீட்டர் கடக்க ஆகும் நேரத்தில் காற்றில் 4/3 மீட்டர் கடந்துவிடலாம். எல்லாவற்றையும் காற்றுமீட்டர் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம். ஒரு காற்றுமீட்டர் என்பது ஏறத்தாழ 3.34 நானோ விநாடி.

முதலில் நேர்கோட்டில் போய்ப் பார்க்கலாம். அந்தக் கோடு நீர்மட்டத்தை 3 மீட்டர் தொலைவில் வெட்டும். காற்றில் 4.243 மீட்டர், நீரில் 5.657 மீட்டர். நீர்ப் பகுதியை 4/3ஆல் பெருக்கிக் கூட்டினால் 11.785 காற்றுமீட்டர். தொலைவில் மிகக் குறைவானது இதுதான், ஆனால் நேரத்தில் அல்ல. நீர்மட்டத்தைத் தொடும் புள்ளியை இன்னும் ஒரு மீட்டர் தள்ளி, 4 மீட்டரில் வையுங்கள். காற்றில் சரியாக 5 மீட்டர், நீரிலும் சரியாக 5 மீட்டர். மொத்தம் 11.667. இன்னும் ஒரு மீட்டர் தள்ளி 5 மீட்டரில் வைத்தால் 11.794 என்று மறுபடி ஏறிவிடுகிறது. நேர்கோட்டுக்கும் நடுப்பாதைக்கும் உள்ள வேறுபாடு 0.4 நானோ விநாடிகூட இல்லை. அந்த வேறுபாட்டில்தான் விதி உட்கார்ந்திருக்கிறது.

இப்போது வகைக்கெழுவைக் கண்ணால் பார்ப்போம். நீர்மட்டத்தைத் தொடும் புள்ளியை மிகச் சிறிய தூரம் d அளவுக்குக் காசின் பக்கம் நகர்த்துங்கள். காற்றில் உள்ள பாதை சற்று நீளும், நீரில் உள்ள பாதை சற்றுக் குறுகும். எவ்வளவு நீளும்? பழைய புள்ளியிலிருந்து புதிய பாதைக்கு ஒரு செங்குத்து இறக்கினால் ஒரு குட்டிச் செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் d. பாதைக்கும் நீர்மட்டத்தின் குத்துக்கோட்டுக்கும் இடையே உள்ள படுகோணம்தான் அந்த முக்கோணத்திலும் வந்து அமர்கிறது. ஆகவே காற்றில் கூடும் நீளம் d sin i. அதே முறையில் நீரில் குறையும் நீளம் d sin r. இவற்றை அந்தந்த வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். கூடும் நேரமும் குறையும் நேரமும் சமமாகும் இடத்தில், புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் லாபமில்லை:

sin i / v₁ = sin r / v₂

விதி அவ்வளவுதான். நம் குளத்தில் சோதித்துப் பார்க்கலாம். 4 மீட்டர் புள்ளியில் sin i = 4/5, sin r = 3/5. காற்றில் கூடுவது 0.8 d. நீரில் குறைவது 0.6 d, அதை 4/3ஆல் பெருக்கினால் அதுவும் 0.8 d. வரவும் செலவும் நேர். நேர்கோட்டுப் புள்ளியிலோ இரண்டு சைன்களும் 0.707. கூடுவது 0.707 d, குறைவது 0.943 d. நகர்த்தினால் இன்னும் லாபம் இருக்கிறது, அதனால் அது விடை அல்ல. கோணங்களை நீர்மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, குத்துக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும் என்ற விதியும் இந்தக் குட்டி முக்கோணத்திலிருந்துதான் வருகிறது. மனப்பாடம் செய்த மாணவர்கள் தவறும் இடம் இது. முக்கோணத்தை ஒருமுறை கையால் வரைந்தவர்கள் தவறுவதில்லை.

விடையைத் தெரிந்துகொண்டு எழுதிய கணக்கோ என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. டெகார்ட் 1637இல் வெளியிட்ட சைன் விகிதத்தை ஃபெர்மா நம்பவில்லை. அடர்ந்த ஊடகத்தில் ஒளி வேகமாகப் போகிறது என்ற அனுமானத்தோடு டெகார்ட் அதை அடைந்திருந்தார். ஒளி அங்கே மெதுவாகப் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால் வேறொரு விதி கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஃபெர்மா உட்கார்ந்தார். கிடைத்தது அதே சைன் விகிதம். அவரே வியந்துபோனார். கோணங்களை அளந்து இருவரில் யார் சரி என்று சொல்ல முடியாது, வேகத்தை அளந்தாக வேண்டும். நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது என்பதை 1850இல் பாரிஸில் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியைக் கொண்டு காட்டினார். ஃபெர்மா இறந்து அப்போது 185 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி உங்கள் முதன்மையான கேள்வி. கணக்கில் நாம் முதலிலேயே இரண்டு முனைகளையும் ஆணியடித்து நிறுத்திவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். விளக்கிலிருந்து ஒரே ஒரு கதிர் கிளம்பிக் காசைத் தேடிப் போவதாக நினைத்தால்தான் ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வி எழும். விளக்கு எல்லாப் பக்கமும் ஒளியை வீசுகிறது. அது காசை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. நீர்மட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி அலை விழுகிறது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நீருக்குள் பரவுகிறது. ஆகவே கேட்க வேண்டியது வேறு: எல்லாப் புள்ளிகள் வழியாகவும் காசுக்கு அலை வருகிறதென்றால், ஏன் 4 மீட்டர் புள்ளியின் வழியாக மட்டும் வந்ததுபோல் இருக்கிறது?

இதற்கும் எண்களே பதில் சொல்லும். பச்சை ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் என்று கொள்வோம். இரண்டு பாதைகளின் காற்றுமீட்டர் கணக்கு அரை அலைநீளம், அதாவது 250 நானோமீட்டர் வேறுபட்டால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழியும். நேர்கோட்டுப் புள்ளியில் d நகர்ந்தால் கணக்கு 0.236 d மாறுகிறது. எனவே அங்கே ஒரு மைக்ரான் நகர்ந்தாலே மேடு பள்ளமாகிவிடும். ஒவ்வொரு மைக்ரான் பட்டையும் பக்கத்துப் பட்டையை அழிக்கிறது, கூட்டினால் ஒன்றுமில்லை. 4 மீட்டர் புள்ளியில் அந்த முதல் மாற்றம் சுழி. மிஞ்சுவது d²ஐச் சார்ந்த மாற்றம் மட்டும், நம் குளத்தில் அது சுமார் 0.12 d². அது 250 நானோமீட்டரை எட்ட ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நகர வேண்டும். மைக்ரான் எங்கே, மில்லிமீட்டர் எங்கே! அந்தப் புள்ளியின் இரு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு எல்லா அலைகளும் ஒரே குரலில் வந்து சேருகின்றன. காசை ஒளிர வைப்பது அந்தச் சிறு சாளரம். வகைக்கெழு சுழி என்பதன் பொருள், அண்டைப் பாதைகள் ஒன்றையொன்று அழிக்காத இடம் என்பதே.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். அலைகளுக்கு வேண்டியது வகைக்கெழு சுழியாவது மட்டும்தான். நேரம் குறைவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீள்வட்டக் கண்ணாடியின் ஒரு குவியத்திலிருந்து மறு குவியத்துக்குக் கண்ணாடியில் பட்டுச் செல்லும் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே நேரம். எதுவும் குறைவு இல்லை, எல்லாமே அனுமதி பெறுகின்றன. அந்த நீள்வட்டத்தை ஒரு புள்ளியில் உள்ளிருந்து தொடும், ஆனால் அதைவிட அதிகமாக வளைந்த ஒரு கண்ணாடியை வைத்தால், அந்தப் புள்ளியில் பட்டுத் தெறிக்கும் உண்மையான பாதைக்குப் பக்கத்துப் பாதைகளைவிட நேரம் அதிகம். பாடத்தில் ‘மிகக் குறைந்த’ என்று வருகிற இடத்தில் ‘நிலையான’ என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டையான நீர்மட்டத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அந்தச் சொல் பிழைத்துக்கொண்டது.

கடைசியாக, இந்த விளக்கத்தை நீங்கள் கையாலேயே சோதிக்கலாம். நேர்கோட்டுப் புள்ளியில் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால்தான் அங்கே ஒளி வழி இல்லை என்றோம். அப்படியானால், சுமார் இரண்டு மைக்ரானுக்கு ஒரு பட்டை வீதம், அழிக்கும் பாதியை மட்டும் மறைத்துவிட்டால் மீதிப் பாதி அங்கேயும் கூடிக்கொள்ள வேண்டும், ஒளி விதியை மீறி அந்த வழியாகவும் காசுக்கு வர வேண்டும். குளத்தின் மேல் அப்படி வரிகள் போடுவது கடினம். ஆனால் பழைய சிடி தகட்டில் 1.6 மைக்ரான் இடைவெளியில் வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன, எதிரொளிப்புக்கும் இதே கணக்குதான். ஒரு விளக்கின் கீழ் அதைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக இருக்கும் இடத்தில் விளக்கின் வெள்ளைப் பிம்பம் தெரியும். அந்தச் சமன்பாடு சற்றும் பொருந்தாத இடங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் தெரியும்.