84 அறையும் ஒரே ஒரு வரியும்

"பி.எஸ்ஸி. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தேன். வயது 23. சென்னையில் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டலில் 22 வாரம் டிரெய்னிங் முடித்து, இப்போது கோயம்புத்தூரில் 84 அறை உள்ள ஹோட்டலில் ரிசப்ஷனில் 11 மாதமாக வேலை பார்க்கிறேன். துபாய், தோஹா ஹோட்டல்களுக்கும் குரூஸ் கப்பல் கம்பெனிகளுக்கும் 40 இடங்களுக்கு மேல் ஒரே ரெஸ்யூமை அனுப்பிவிட்டேன். ஓர் இடத்திலிருந்துகூடக் கூப்பிடவில்லை. ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?"
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் ரெஸ்யூமை அச்செடுத்து, கையில் பேனாவோடு படித்தேன். இரண்டு பக்கத்தில் முதல் அரைப் பக்கம் லட்சியம். அடுத்து பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள். கடைசியில் அப்பா பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி. கவுன்ட்டரில் நின்று உழைத்த 11 மாதத்துக்குக் கிடைத்தது ஒரே வரிதான்: செக்-இன், செக்-அவுட், விருந்தினர் புகார்களைக் கவனித்தல். அந்த வரியை இந்தியாவில் எந்த ரிசப்ஷனில் நிற்பவரும் எழுதலாம். உங்களைக் கூப்பிட அதில் ஒரு காரணமும் இல்லை.

ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராகப் பல வருடம் ஆள் எடுத்திருக்கிறேன். ஒரு ரெஸ்யூமைப் பார்த்ததும் நான் தேடுவது, இந்தப் பெண் எந்த மாதிரி கவுன்ட்டரில் நின்றிருக்கிறாள் என்பதைத்தான். எத்தனை அறை, யார் யார் வந்து தங்கும் இடம், என்ன சாஃப்ட்வேர், ஒரு ஷிஃப்டில் எவ்வளவு கூட்டம், பணத்தைக் கையாண்டாளா, இரவு ஷிஃப்ட் பார்த்தாளா. உங்கள் ரெஸ்யூமில் ஹோட்டல் பெயர் இருக்கிறது, 84 அறை என்பது இல்லை. கடிதத்தில் எனக்கு எழுதியதை தோஹாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதவில்லை. கோயம்புத்தூர் ஹோட்டலின் பெயரை மட்டும் பார்த்து அது லாட்ஜா, பிசினஸ் ஹோட்டலா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயருக்குப் பக்கத்திலேயே '84 அறை, பிசினஸ் ஹோட்டல்' என்று போடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. ரெஸ்யூமில் எண் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல, 'தினமும் 100-க்கும் மேற்பட்ட செக்-இன்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த மேனேஜர் என்ன கணக்குப் போடுவார் தெரியுமா? 84 அறையில் 70 சதவீதம் நிரம்பினால் 59 அறை. பிசினஸ் விருந்தினர் சராசரியாக இரண்டு இரவு தங்குவார் என்று வைத்தால், ஒரு நாளில் புதிதாக வருவது 30 அறைக்கு உள்ளேதான். அதில் 20 மதிய ஷிஃப்டில் வரும். கவுன்ட்டரில் இரண்டு பேர் நின்றால் உங்கள் பங்கு 10. இந்தக் கணக்கு எங்களுக்கு மனதிலேயே ஓடும். 100 என்று பார்த்த நொடியில் மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை போய்விடும். 'ஷிஃப்டுக்கு 10 முதல் 12 செக்-இன்' என்று எழுதுங்கள். சின்ன எண் என்று கூச்சப்படாதீர்கள். 84 அறைக்கு அது சரியான எண். அது சரி என்று பார்த்தவுடனே எங்களுக்குப் புரியும்.

இனி நீங்கள் எழுதாமல் விட்டவை. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட், தனியாகத்தான் பார்க்கிறேன் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது, அதுதானே உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பலம்! நைட் ஆடிட் செய்கிறீர்கள் என்றால், அறை வாடகையையும் வரியையும் ஒவ்வொரு கணக்கிலும் ஏற்றுகிறீர்கள், வராத புக்கிங்குகளைத் தீர்க்கிறீர்கள், ரெஸ்டாரன்ட் பில் சரியான அறைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், சிஸ்டத்தில் தேதியை மாற்றுகிறீர்கள். 11 மாத அனுபவத்தில் ஒரு பெண்ணை நம்பி இரவில் கவுன்ட்டரை ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் வரி அது. முதல் வரியாக அது வரட்டும். அதற்குக் கீழே கேஷ்: ஷிஃப்ட் தொடக்கத்தில் கையில் எவ்வளவு தருகிறார்கள், முடிவில் ரொக்கத்தையும் கார்டு ஸ்லிப்பையும் சிஸ்டம் ரிப்போர்ட்டோடு ஒத்துப்பார்த்துக் கொடுப்பது நீங்கள்தானா என்று எழுதுங்கள். மூன்றாவது, வெளிநாட்டு விருந்தினர். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள், தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி-ஃபார்ம் ஏற்றவேண்டும் அல்லவா, அதைச் செய்பவர் நீங்கள் என்றால் பாஸ்போர்ட், விசா பார்க்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். துபாயில் கவுன்ட்டருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பாஸ்போர்ட்டோடுதான் வருவார்கள்.

டிரெய்னிங் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'ஃப்ரண்ட் ஆபீஸ் எக்ஸிகியூட்டிவ், 22 வாரம்' என்று வேலை அனுபவத்தில் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த சான்றிதழிலோ நான்கு டிபார்ட்மென்ட்டும் சுற்றியது தெரிகிறது. ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்தது 6 வாரம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஹோட்டலில் ஒரு பையனை இன்டர்வியூவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சான்றிதழைக் கேட்டபோது இதேபோல டிரெய்னிங்கை வேலையாகக் காட்டியிருந்தது தெரிந்தது. உள்ளே எழுதியது சின்னப் பொய்தான், ஆனால் கேஷ் கவுன்ட்டருக்கு எடுக்கும் ஆள் என்பதால் வேலைக்கு எடுக்காமல் விட்டுவிட்டோம். இன்றைக்கும் அந்தப் பையனின் முகம் நினைவில் இருக்கிறது. 'இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்' என்று தனித் தலைப்புக் கொடுத்து, 22 வாரம், அதில் ஃப்ரண்ட் ஆபீஸ் 6 வாரம் என்று உள்ளபடி எழுதுங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் இருந்ததையும் மறைக்கவேண்டாம். அறை தயாராகாமல் விருந்தினர் லாபியில் காத்திருக்கும்போது, அந்தப் பக்கத்து வேலை தெரிந்த ரிசப்ஷனிஸ்ட் வேறு மாதிரிப் பேசுவார்.

சாஃப்ட்வேரும் அப்படியே. 'ஒபேரா, ஃபிடெலியோ - எக்ஸ்பர்ட்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். ஒபேராவைத் தொட்டது அந்த 6 வாரம், இப்போது தினமும் பார்ப்பது ஐ.டி.எஸ். இன்டர்வியூவில், 'கம்பெனி அறை வாடகையைக் கட்டும், சாப்பாட்டு பில்லை விருந்தினர் கட்டுவார், ஒபேராவில் எப்படிப் பிரிப்பீர்கள்?' என்று கேட்டால் எக்ஸ்பர்ட் என்ற சொல் நிற்காது. 'ஐ.டி.எஸ்: 11 மாதம், தினசரி. ஒபேரா: டிரெய்னிங்கில் ரிசர்வேஷன், செக்-இன்' என்று எழுதினால் போதும். ஒரு சிஸ்டத்தில் நைட் ஆடிட் செய்தவர் இன்னொன்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். தொடாத ஃபிடெலியோவை எடுத்துவிடுங்கள்.

கப்பலுக்கு இதே ரெஸ்யூமை அனுப்பியதுதான் இன்னொரு தப்பு. கப்பலில் அந்த வேலைக்கு கெஸ்ட் சர்வீசஸ் என்று பெயர், கவுன்ட்டரின் சுபாவமே வேறு. வழியில் போகிறவர் வந்து அறை கேட்பதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ஏறுவார்கள், ஒரே காலையில் இறங்குவார்கள். கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவது குறைவு. செலவெல்லாம் அவரவர் கேபின் கணக்கில் ஏறும். கடைசி இரவில், 'இந்த பில் என்னுடையதில்லை' என்று வரிசை நிற்கும். ஆகவே கப்பலுக்கான ரெஸ்யூமில் பில் தகராறு தீர்த்தது, கேஷ், குரூப் செக்-இன் மூன்றும் மேலே போகவேண்டும். கல்யாண சீசனில் ஒரே பஸ்ஸில் 30 பேர் வந்து இறங்க, அறைப் பட்டியலை முதல் நாளே வாங்கி, சாவிக் கார்டுகளை உறையில் போட்டு வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்களே, அதைப் போடுங்கள். ஏறும் நாளில் கப்பலுக்கு வேண்டியது அந்த முன்யோசனைதான்.

கூடவே, வேலைக்குத் தயார் என்று காட்டும் நாலைந்து வரி. பாஸ்போர்ட் எந்த மாதம் வரை செல்லும், கப்பல் ஊழியருக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி. இருக்கிறதா, கடல் பாதுகாப்புக்கான எஸ்.டி.சி.டபிள்யூ அடிப்படைப் பயிற்சி முடித்திருந்தால் எந்தத் தேதியில். அந்தத் தேதி முக்கியம், ஏனென்றால் தீயணைப்பு, கடலில் உயிர்காப்புப் பயிற்சிகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஆறு முதல் ஒன்பது மாத கான்ட்ராக்ட்டுக்குத் தயார் என்றும் ஒரு வரி. வார விடுமுறையே இல்லாத வாழ்க்கை அது, வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு அந்த வரியை எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு 'ஃப்ளூயன்ட்' என்பதோடு விடாமல், மார்லின்ஸ் தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்ணையும் போடுங்கள். பல கப்பல் கம்பெனிகள் அதைக் கேட்கின்றன.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் உங்களுக்கு இனிஷியல் முன்னால் வருகிறது, ரெஸ்யூமில் இனிஷியல் பின்னால் போய்விட்டது, பாஸ்போர்ட்டிலோ சர்நேம் கட்டம் காலி என்கிறீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு 2022-ல் அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்டர்வியூவுக்கு அப்படிப் போகும் எண்ணம் இருந்தால், அப்பா பெயரைச் சர்நேமாக விரித்து இப்போதே பாஸ்போர்ட்டை மாற்றுங்கள். பிறகு பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ரெஸ்யூமில் போடுங்கள். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் போடவேண்டாம். வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமும் பாஸ்போர்ட் ஸ்கேனும் கேட்கிற ஏஜெண்டுகளுக்கு அனுப்பும் முன், கப்பல் வேலை என்றால் கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் அவர்களிடம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பாருங்கள். கப்பல் வேலை வாங்கித் தர உங்களிடம் கமிஷன் வாங்குவது, 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தப்பு. மெடிக்கல், பாஸ்போர்ட், சி.டி.சி. செலவுகள்தான் உங்களுடையவை.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைனையும் கலர் பட்டைகளையும் எடுத்துவிடுங்கள். பெரிய ஹோட்டல் குழுமங்களில் கம்ப்யூட்டர்தான் முதலில் படிக்கிறது. உங்கள் பி.டி.எஃப்-ஐத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். வேலை செய்த தேதிகளெல்லாம் கல்விக்குக் கீழே போய் விழுந்தன. நீங்களும் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் போட்டோ வையுங்கள்: வெளிர் பின்னணி, கட்டிய முடி, கோட். இப்போது வைத்திருப்பது கல்யாண வீட்டில் எடுத்து வெட்டியது, பக்கத்தில் யாரோ ஒருவரின் தோள் தெரிகிறது. பிரிட்டன், அமெரிக்க ஹோட்டல்களுக்கு அனுப்பினால் போட்டோவே வேண்டாம். ஃபைல் பெயர் resume_final_new2.pdf என்று இருக்கிறது. உங்கள் பெயரும் Front_Office என்பதும் இருக்கட்டும்.

அடுத்த நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். ஏழு இரவும் எத்தனை அறை நிரம்பியிருந்தது, எத்தனை செக்-இன், எத்தனை சி-ஃபார்ம், தொடக்கத்தில் கையில் இருந்த ரொக்கம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விருந்தினர் பெயர் எதுவும் வேண்டாம், எண்கள் மட்டும். அதை வைத்து ஹோட்டலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.