விலையேற்றத்தை அடக்க எவ்வளவு இழக்க வேண்டும்? சுங்கை சிப்புட்டிலிருந்து சில கேள்விகள்

ஆறாம் படிவத்தில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பணவீக்கம் பற்றி மக்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அது ஏன் முக்கியம் என்பதை ஒட்டி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலும் அப்படித்தான் கேட்டார்கள்.

சாப்பாட்டுக் கடைக்காரர்: சார், 2024 ஜூனில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. எல்லாம் ஏறப்போகிறது என்று நான் உடனே விலையை ஏற்றிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஏற்றவே இல்லை. எனக்குத்தான் ஆள் குறைந்தது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அவருக்கு டீசல் பற்றி உங்களைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்காது. மற்றவர்கள் ஏற்றமாட்டார்கள் என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

டீசல் ஒரே நாளில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறியும், அந்த மாதம் நாட்டின் பணவீக்கம் 2 சதவீதத்தில்தான் நின்றது. சரக்கு லாரிகளில் பலவற்றுக்குப் பழைய விலையிலேயே டீசல் கொடுத்தது அதற்கு ஒரு காரணம். அதை மறைக்கக் கூடாது. இன்னொரு காரணம், இதை விலையேற்றத் தொடரின் ஆரம்பம் என்று பலர் எடுத்துக்கொள்ளாதது. கோழி வியாபாரி, காய்கறி மொத்த வியாபாரி, சம்பளம் கேட்கும் தொழிலாளி ஆகிய மூவரும் ‘ஒருமுறை ஏறியது, அதோடு நிற்கும்’ என்று நினைத்தால் அது நின்றுவிடும். ‘அடுத்த வருடமும் ஏறும்’ என்று நினைத்தால் இன்றே சேர்த்து ஏற்றிவிடுவார்கள், அந்த நினைப்பே அதை உண்மையாக்கிவிடும். எதிர்பார்ப்பு நங்கூரமிட்டிருக்கிறது என்றால் இதுதான். ஒரு விலை குதித்தாலும், இரண்டு மூன்று வருடம் கழித்து என்ன இருக்கும் என்ற எண்ணம் அசையாது.

ஆறாம் படிவ மாணவி: சார், பின்னோக்கிப் பார்க்கும் எதிர்பார்ப்பு, முன்னோக்கிப் பார்க்கும் எதிர்பார்ப்பு என்று இரண்டு இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எதற்காகப் பிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

பணவீக்கத்தை இறக்க எவ்வளவு பில் கட்ட வேண்டும் என்று பார்க்கத்தான் பிரிக்கிறார்கள். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளம்மா.

ஒரு நாட்டில் பணவீக்கம் 10 சதவீதம். மத்திய வங்கி அதை 4க்குக் கொண்டுவர வேண்டும். உற்பத்தி வழக்கமான அளவைவிட ஒரு வருடம் 1 சதவீதம் குறைந்தால், பணவீக்கம் மக்கள் எதிர்பார்த்ததைவிட அரை சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காகப் போட்ட எண், எந்த நாட்டின் எண்ணும் இல்லை.

முதல் ஊரில் எல்லோரும் போன வருடத்தைப் பார்த்தே இந்த வருடத்தை நினைக்கிறார்கள். போன வருடம் 10 என்றால் இந்த வருடமும் 10. மத்திய வங்கி என்ன அறிவித்தாலும் காதில் ஏறாது. அங்கே வட்டியை ஏற்றி உற்பத்தியை 4 சதவீதம் குறைத்தால் பணவீக்கம் 8க்கு வரும். அடுத்த வருடம் மறுபடி 4 சதவீதம் இழந்தால் 6. மூன்றாம் வருடமும் 4 இழந்தால்தான் 4க்கு வரும். மொத்த இழப்பு ஒரு வருட உற்பத்தியில் 12 சதவீதம். இறக்கியது ஆறு புள்ளி, ஆகவே ஒரு புள்ளிக்கு இரண்டு சதவீதம் விலை.

இரண்டாம் ஊரில் பாதிப் பேர் வங்கியின் பேச்சை நம்பி 4 என்கிறார்கள், பாதிப் பேர் இன்னும் போன வருடத்து 10. சராசரி 7. அதே 4 சதவீத இழப்பில் பணவீக்கம் ஒரே வருடத்தில் 5க்கு வந்துவிடும். அடுத்த வருடம் எதிர்பார்ப்பு நாலரை, இன்னும் 1 சதவீதம் இழந்தால் 4. மொத்தம் 5 சதவீதம்தான். வட்டி என்ற ஆயுதம் இரண்டு ஊரிலும் ஒன்றே. நம்பியவர்கள் எவ்வளவு பேர் என்பது மட்டும்தான் மாறியது.

எல்லோரும் முழுக்க நம்பினால் இழப்பே இல்லை என்று கணக்கு சொல்லும். தேர்வில் அதை எழுதலாம். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

முன்னாள் மண்டோர்: வாத்தியாரே, இதெல்லாம் சுற்றிவளைப்பு. வட்டியை ஏற்றினால் விலை இறங்கும். அமெரிக்காவில் வால்க்கர் என்ற ஆள் 20 சதவீதம் வட்டி போட்டு ஒரே அடியில் முடித்தார் என்று அந்தக் காலத்தில் பேப்பரில் படித்தேன்.

வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது சரி. ஒரே அடி என்பதுதான் சரியில்லை அண்ணே, விஷயமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பால் வால்க்கர் 1979 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராகப் பொறுப்பேற்றார். அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை, இனிமேல் பண அளவையே கட்டுப்படுத்துவோம், வட்டி எங்கே போனாலும் போகட்டும் என்று அறிவித்தார். 1980 வசந்தத்தில் குறுகிய கால வட்டி 17 சதவீதத்தைத் தாண்டியது. கூடவே அரசு கடன் கட்டுப்பாடும் போட, பொருளாதாரம் சட்டென்று சரிந்தது. உடனே வட்டி சில மாதங்களில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அப்போதும் பணவீக்கம் 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? ‘வலித்தால் விட்டுவிடுவார்கள்’ என்றுதான். எழுபதுகள் முழுக்க அவர்கள் பார்த்ததும் அதையேதான். அதன் பிறகு வட்டியை மறுபடி ஏற்றி, 1981இல் பிடித்து நிறுத்தினார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1983இல் பணவீக்கம் சுமார் 3 சதவீதம்.

இனி அமெரிக்க அரசின் பத்து வருடக் கடன்பத்திரத்தைப் பாருங்கள். விலை ஏறிக்கொண்டே போகும் என்று பயந்தால் கடன் கொடுப்பவர் அதிக வட்டி கேட்பார். மக்கள் மனதில் உள்ளதை அறிய எனக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. 1981 செப்டம்பரில் பணவீக்கம் 11க்கு இறங்கிவிட்டது, ஆனால் பத்து வருடக் கடனுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கேட்டார்கள். 1984 நடுவில் பணவீக்கம் 4 சதவீதம்தான், அப்போதும் 13க்கு மேல் கேட்டார்கள். நடைமுறையில் விலை அடங்கியும் பயம் அடங்கவில்லை. அந்தப் பயம் முழுவதும் பணவீக்கம் பற்றியதில்லை, அரசின் பற்றாக்குறையும் சேர்ந்திருந்தது. இருந்தாலும் நம்பிக்கை என்பது பணவீக்கத்துக்குப் பல வருடம் பின்னால் வந்தது என்பது தெரிகிறது.

பில் எவ்வளவு? எழுபதுகளின் கடைசியில் ஆர்தர் ஓக்கன் என்ற பொருளாதார அறிஞர் அப்போதைய கணிப்புகளைத் தொகுத்துச் சொன்னது: ஒரு புள்ளி இறக்க ஒரு வருட உற்பத்தியில் சராசரியாக 10 சதவீதம் போகும். மாறாக, மக்கள் முன்னோக்கிப் பார்ப்பவர்கள், ஆகவே கிட்டத்தட்ட இலவசம் என்றது இன்னொரு கட்சி. பிற்பாடு போட்ட கணக்குகளில் ஒரு புள்ளிக்கான இழப்பு 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. இரு கட்சிக்கும் வெற்றி இல்லை. 1980 நடுவில் தளர்த்தாமல் இருந்திருந்தால் பில் இன்னும் குறைந்திருக்கும் என்பது என் கருத்து, அதை நிரூபிக்க வழியில்லை.

அந்தப் பில்லில் ஒரு பகுதியை நம் ஆட்களும் கட்டினார்கள், அண்ணே. உலகம் மந்தமானதால் 1981, 82இல் ரப்பர் விலை விழுந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தொழிற்சங்கத் தம்பி: நாங்கள் கூட்டு ஒப்பந்தம் போட்டால் சட்டப்படி குறைந்தது மூன்று வருடம். நான் பேங்க் நெகாராவை முழுக்க நம்பினாலும், போன வருடம் போட்ட கையெழுத்தை மாற்ற முடியாதே?

முடியாது. முழு நம்பிக்கை இருந்தாலும் இழப்பு பூஜ்யமாகாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். பணவீக்கம் 10 என்று நினைத்து வருடத்துக்கு 10 சதவீதச் சம்பள உயர்வு எழுதினீர்கள். மறுநாளே விலையேற்றம் 4க்கு வந்துவிட்டால், தொழிலாளிக்கு உண்மையில் வருடத்துக்கு 6 சதவீத உயர்வு. கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் முதலாளி ஆளைக் குறைப்பார். அதனால் மத்திய வங்கி இலக்கை முன்கூட்டியே சொல்லி, பழைய ஒப்பந்தங்கள் முடியும் வேகத்தோடு ஒத்துப் போவது நல்லது என்பார்கள். ரொம்ப மெதுவாகப் போனால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது எதிர்வாதம். லாரன்ஸ் பால் என்ற பொருளாதார ஆய்வாளர் 1994இல் பல நாடுகளை ஒப்பிட்டு, வேகமாக முடித்த இடங்களில் இழப்பு குறைவு என்று காட்டினார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன மூன்று வருடத்தில் இழந்ததைச் சேர்த்துக் கேட்டால், நீங்கள் பின்னோக்கிப் பார்க்கிறீர்கள் என்று எழுதுவார்கள். அது எதிர்பார்ப்பே இல்லை, பழைய பாக்கி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

கேட்டரிங் செய்யும் அக்கா: நங்கூரம் என்றால் அரசாங்கம் பாக்கெட் எண்ணெயை 2 வெள்ளி 50 காசில் பிடித்து வைத்திருக்கிறதே, அதுதானே?

இல்லை அக்கா. அது ஒரு பொருளின் விலையைப் பிடிப்பது. மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அதிலிருந்து தெரியாது. பிடியை விட்ட அன்றுதான் தெரியும்.

2008 ஜூனில் அப்படி விட்டார்கள். பெட்ரோல் 1.92 வெள்ளியிலிருந்து 2.70 ஆனது, ஜூலையில் பணவீக்கம் 8.5 சதவீதம். வட்டியை ஏற்றச் சொல்லிப் பலர் நெருக்கினார்கள். பேங்க் நெகாரா 3.50இல் அப்படியே வைத்தது. இது ஒருமுறைக் குதிப்பு, சம்பளத்தில் தொடராது என்று எடுத்துக்கொண்டார்கள். 2009 ஜூலையில் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 2.4. எதிர்பார்ப்பு அவிழ்ந்திருந்தால் அந்தப் பொறுமை ஆபத்தாகியிருக்கும். உலக நெருக்கடியில் எண்ணெய் விலை விழுந்ததும் கைகொடுத்தது, ஆகவே முழுப் பாராட்டையும் வங்கிக்கே கொடுக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: சார், உங்கள் வாதப்படி ஜெர்மனியின் மத்திய வங்கிக்குத்தான் உலகிலேயே குறைந்த இழப்பு வந்திருக்க வேண்டும். அதைவிட நம்பகமான வங்கி இல்லை. ஆனால் அங்கே ஒரு புள்ளிக்கான இழப்பு அதிகம் என்றுதான் ஆய்வுகள் சொன்னன. இதற்கு என்ன பதில்?

சரியான இடத்தில் குத்துகிறீர்கள். பலர் தரும் விளக்கம்: பணவீக்கம் குறைவாகவும் நிலையாகவும் இருக்கும் நாட்டில் யாரும் விலையை அடிக்கடி மாற்றுவதில்லை, ஒப்பந்தங்கள் நீண்டுவிடும். அதனால் உற்பத்தி குறைந்தாலும் விலை மெதுவாகத்தான் அசையும். நம்பிக்கை ஒரு பக்கம் இழப்பைக் குறைக்கிறது, மறுபக்கம் விலைகளை மரத்துப்போக வைக்கிறது. எது மிஞ்சும் என்பது நாட்டுக்கு நாடு மாறலாம். இந்த விளக்கம் எனக்கு முக்கால்வாசிதான் திருப்தி.

2022 அமெரிக்காவை எனக்குச் சாதகமாகக் காட்டலாம். ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், ஒரே வருடத்தில் 3 சதவீதம், வேலையின்மை 4க்குக் கீழேயே. ஐந்து வருடத்துக்கு மேலான எதிர்பார்ப்பைக் குடும்பங்களிடம் கேட்டபோது சுமார் 3இலேயே நின்றது. ஆனால் அதே நேரத்தில் கப்பல் நெரிசல் தீர்ந்தது, எண்ணெய் விலையும் இறங்கியது. நங்கூரம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று சொன்னால், வாதத்தைத் தொடரலாம்.