வைஸ்ராய் பட்டாம்பூச்சி: போலியா, கூட்டாளியா?

கேள்வி: பேட்சியன், முல்லேரியன் போலித்தோற்றங்களை எப்படிப் பிரித்தறிவது? பரிணாமவியல் தாளுக்கு வேண்டும்.

போலியென்று கருதப்படும் இனத்தை வேட்டையாடும் பறவைக்குத் தின்னக் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி: பறவை தின்றால் அது தீங்கற்ற பேட்சியன் போலி, வெறுத்தால் இரு இனங்களுமே சுவையற்ற முல்லேரியன். வட அமெரிக்காவின் வைஸ்ராய், எருக்கங் குடும்பத்துச் செடிகளைத் தின்று நஞ்சேறும் மோனார்க் பட்டாம்பூச்சியைப் போலிருப்பதால், அதைத் தீங்கற்ற பேட்சியன் போலி என்றே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 1991-இல் ஆய்வாளர்கள் ரிட்லேண்டும் புரோவரும் இறக்கைகளை நீக்கி வயிற்றுப் பகுதியை மட்டும் கொடுத்தபோது, நிறத்தைப் பார்க்க வழியில்லாத பறவைகள் வைஸ்ராயையும் மோனார்க்கைப் போலவே வெறுத்தன. ஆகவே இது முல்லேரியன் உறவு: அனுபவமில்லாத பறவைகள் கடித்துப் பார்த்துக் கற்கும்போது நேரும் இழப்பை இரு இனங்களும் பகிர்ந்துகொள்வதால், எண்ணிக்கை பெருகுவது இரண்டுக்கும் ஆதாயம். பேட்சியனில் போலிகள் பெருகினால் பறவையின் அச்சம் தளர்ந்து, நஞ்சுள்ள இனமும் சேர்ந்து அடிபடும். சோதிக்கப்பட்டவை ஃபுளோரிடா வைஸ்ராய்கள் என்பதையும் தாளில் குறிப்பிடுங்கள்.