குழந்தை ஒரே இரவில் வளருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். போன வாரம் பொருந்திய சட்டை இன்று காலை ஏறவே இல்லை. ஒரே இரவில் குழந்தை வளரக்கூடுமா? (மதுரை வாசகி)

வளரக்கூடும். 1992-ல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் மிஷல் லாம்பல் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் 31 குழந்தைகளை மிக நெருக்கமான இடைவெளியில் அளந்தார்கள். சிலரை வாரம் ஒருமுறை, பெரும்பாலோரை வாரம் இருமுறை, மூன்று பேரை நாள்தோறும். நீளம் சீராக ஏறவில்லை. பல நாட்கள் அளவு அசையாமல் நின்றது. பிறகு திடீரென்று அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை தாவியது. இரண்டு தாவல்களுக்கு நடுவே இருந்த தேக்கம் சில சமயம் இரண்டே நாள், சில சமயம் இரண்டு மாதம். மொத்த நாட்களில் 90 முதல் 95 விழுக்காடு வளர்ச்சி தெரியாத நாட்கள் என்று கணக்கிட்டார்கள்.

இது ஏன் அதுவரை தெரியவில்லை? மாதம் ஒருமுறை அளந்தால் தாவலும் தெரியாது, தேக்கமும் தெரியாது. ஒரு கணக்காகவே பாருங்கள். முதல் தேதி 58 சென்டிமீட்டர். பன்னிரண்டாம் நாள் வரை அசைவில்லை. பதின்மூன்றாம் நாள் 59. இருபத்தைந்தாம் நாள் 60. மாதக் கடைசியில் அளப்பவர் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருப்பதைக் கண்டு, இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைப்பார். அந்தக் கோட்டின் சீர்மை அளந்தவர் வரைந்தது, குழந்தையினுடையது அல்ல.

ஆனால் சட்டை சாட்சியாகாது. துவைத்ததில் சுருங்கியிருக்கலாம், குழந்தைக்குச் சதை பிடித்திருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் மற்ற நாட்களில் எலும்பு வளராமல் நின்றுவிடுகிறதா? (கல்லூரி மாணவர், கோவை)

இங்கேதான் சர்ச்சை. 1995-ல் வேறொரு குழுவினர் இந்த முடிவை எதிர்த்து எழுதினார்கள். அளவில் எப்போதும் சிறு பிழை உண்டு. அந்தப் பிழையின் ஏற்ற இறக்கத்தையே படிக்கட்டாகப் படித்துவிட முடியும் என்பது எதிர்ப்பின் சாரம். நியாயமான எச்சரிக்கை. ஐந்து மாதக் குழந்தையின் சராசரி வளர்ச்சி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. லாம்பல் குழுவின் அளவுப் பிழையோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே மிக மெதுவான ஏற்றம் நடந்திருந்தால் அது பிழைக்குள் மறைந்துபோகும். ஒரு சென்டிமீட்டர் தாவல் மறையாது.

ஜெர்மனியின் மைக்கேல் ஹெர்மானுசன் வேறு வழியில் போனார். முழு நீளத்தை விட்டுவிட்டு, முழங்காலிலிருந்து குதிகால் வரை மட்டும் நீமோமீட்டர் என்ற கருவியால் மில்லிமீட்டரின் சிறு பகுதி வரை அளந்தார். அவரும் வேகமான நாட்களையும் மந்தமான நாட்களையும் கண்டார். ஆனால் முழு நிறுத்தம் என்று சொல்லும்படி தெளிவாகத் தெரியவில்லை. என் கருத்து இதுதான்: வளர்ச்சி நாளுக்கு நாள் சீரற்றது என்பதில் சந்தேகம் வேண்டாம். இடையில் இருப்பது பூஜ்யமா, பூஜ்யத்தை ஒட்டிய சிறு அளவா என்பது கருவியின் நுட்பத்தைப் பொறுத்தது.

கேள்வி: மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று வளர்ச்சித் தாவலுக்கு அட்டவணை பார்த்தேன். நம்பலாமா?

வேண்டாம். நெருக்கமாக அளந்த ஆய்வுகளில் தாவல்கள் எந்த நாட்காட்டிக்கும் கட்டுப்படவில்லை. ஒரே குழந்தைக்குள்கூட இடைவெளி மாறிக்கொண்டே இருந்தது.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம். ஓரிடத்தில் 64.5 சென்டிமீட்டர். எட்டு நாள் கழித்து வேறு இடத்தில் 63.7. குழந்தை வளரவில்லை, தாய்ப்பால் போதவில்லை, மாவுப் பால் கொடுங்கள் என்கிறார்கள். மாமியாரும் அதையே சொல்கிறார். பயமாக இருக்கிறது. (தஞ்சாவூர் வாசகி)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மீது அல்ல, அம்மா. குழந்தை எட்டு மில்லிமீட்டர் சுருங்காது. சுருங்கியது அளவு. அதை வைத்துத் தாய்ப்பாலைக் குறை சொல்ல எப்படி மனம் வருகிறது?

எண்களைப் பாருங்கள். இந்த வயதில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வளர்ச்சி, அதாவது வாரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர். உலக சுகாதார நிறுவனம் தன் வளர்ச்சி வரைபடங்களுக்காகக் குழந்தைகளை அளந்தபோது, பயிற்சி பெற்ற இருவரின் அளவுகளுக்கிடையே ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் வரை ஏற்றுக்கொண்டது. அதைத் தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்கே ஏழு என்றால், இருவேறு இடங்களில், இருவேறு முறையில் எடுத்த அளவை வைத்து ஒரு வார வளர்ச்சியைத் தீர்மானிப்பது எப்படி? போதாததற்கு, அந்த எட்டு நாளும் தேக்க நாட்களாக இருந்திருக்கவும் கூடும்.

தையற்காரர் டேப்பைப் படுத்திருக்கும் குழந்தையின் மேல் நீட்டி, ஒரு கையால் காலை இழுத்துப் பிடித்து அளப்பதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்: இது அளவே அல்ல. டேப் வயிற்றின் மேடேறி இறங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. நீளம் அளக்க அசையாத தலைப்பலகையும் நகரும் கால்பலகையும் உள்ள அளவுப் பலகை வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உச்சந்தலை பலகையைத் தொடும்படி, பார்வை நேர் மேலே இருக்கும்படி தலையைப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதம் செங்குத்தாக நிற்கும்படி கால்பலகையை நகர்த்த வேண்டும். பிறகு குழந்தையை எடுத்து, மறுபடி கிடத்தி, இன்னொரு முறை அளக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நீள வளர்ச்சி வேக அட்டவணையில் மிகக் குறுகிய இடைவெளியே இரண்டு மாதம். நீங்கள் ஒரே இடத்தில், அதே பலகையில், இரண்டு மாதம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். எடை கூடுகிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா, குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று அதற்குள் பாருங்கள். எடையும் நின்றுவிட்டால் காத்திருக்காமல் உங்கள் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் பாலை மாற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு நாளாகப் பாப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறாள். தூக்கத்தில்தான் வளர்த்தி என்கிறார் என் அம்மா. உண்மையா?

உங்கள் அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. லாம்பலும் ஜான்சனும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 23 குழந்தைகளின் தூக்கத்தைப் பெற்றோர் நாள்தோறும் குறித்தார்கள். அவ்வப்போது இரண்டு நாள் போலத் தூக்கம் சராசரியாக நாளுக்கு நாலரை மணிநேரம் கூடியது. அதையடுத்த 48 மணிநேரத்துக்குள் நீளம் தாவும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஒவ்வொரு நீண்ட தூக்கமும் வளர்ச்சியில் முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதற்கு மேல் அந்த ஆய்வு சொல்லவில்லை.

குழந்தை எழுப்பினால் எழுந்து பால் குடிக்கிறதா? அதைப் பாருங்கள். எழுப்பியும் எழாமல், குடிக்காமல், காய்ச்சலோடு கிடந்தால் அதை வளர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குழந்தை வளரவே மாட்டேன் என்கிறது. நல்ல டானிக் சொல்லுங்கள்.

வயது எழுதவில்லை, எடை எழுதவில்லை, எப்போது எப்படி அளந்தீர்கள் என்றும் எழுதவில்லை. இதற்கு எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. டானிக் வாங்க வேண்டாம். தடுப்பூசி அட்டையில் உள்ள அளவுகளைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஆய்வாளர்களைப் போல வீட்டிலேயே தினமும் அளக்கலாமா? (சேலம் வாசகர்)

அளக்காதீர்கள். பலகையும் பயிற்சியும் இல்லாமல் எடுக்கும் தினசரி அளவில் பாதிக்குப் பாதி பிழைதான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் கவலைப்படுவீர்கள்.

கேள்வி: தலையும் இப்படித் தாவித் தாவி வளருமா?

ஆம். லாம்பலும் ஜான்சனும் தலைச் சுற்றளவிலும் தாவல்களைக் கண்டார்கள். நீளத் தாவல்களோடு அவற்றுக்குத் தொடர்பும் இருந்தது. தலைக்கு மட்டும் டேப்தான் சரியான கருவி. ஆனால் இழுத்தால் நீளாத டேப்பாக இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலும் பின்தலையின் மிக எடுப்பான இடத்திலும் பதியும்படி சுற்றி, முடியை அழுத்தி அளக்க வேண்டும்.