அப்பத்தாவுக்குப் புரியும்படி ஆஃபர் லெட்டரை எழுதுவது எப்படி

ரங்கூனில் ஏஜென்ட் அலுவலக மேசையில் வைத்து, போனில் எடுத்த ஒரு படம். மேலே பல்கலைக்கழகத்தின் சின்னம், அதன் கீழே 'கங்கிராஜுலேஷன்ஸ்', நடுவில் உன் பெயர், அடியில் ஒரு தொகை. அது வைபரில் மோல்மேனில் இருக்கும் அப்பத்தாவுக்குப் போய்ச் சேர்கிறது. கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர் அவர். தமிழில் எழுதியிருந்தால் ஒரு வரி விடாமல் வாசிப்பார். படத்தில் இருப்பதோ ஆங்கிலம். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "சீட்டு கிடைத்துவிட்டது, 20,600 டாலர் கட்டணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று பிழைகள் இருக்கின்றன. அதை நம்பி அவர் வயலையோ நகையையோ விற்பதற்கு முன்னால், நீ உட்கார்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்த ஆலோசனை.

முதலில் அந்தப் படத்தை ஒதுக்கி வை. ஆஃபர் லெட்டர் ஒரு பக்கத்தோடு முடிவதில்லை. நிபந்தனைகளும், பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளும், கட்டணம் ஏறும் என்ற குறிப்பும் பின்பக்கங்களில்தான் இருக்கும். மேசையில் வைத்து எடுத்த படத்தில் தாளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். வைபரில் படமாக அனுப்பினால் தெளிவு இன்னும் குறைந்து, 3 எது 8 எது என்றே தெரியாது. பல்கலைக்கழகம் உன் பெயரில் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்தோ, அதன் இணையதளத்தில் உனக்கென்று உள்ள கணக்கிலிருந்தோ முழுக் கோப்பையும் எடுத்துக்கொள். ஏஜென்டிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் எல்லாப் பக்கங்களையும் பி.டி.எஃப். கோப்பாகவே கேள். தர மறுத்தால் ஒரு காசும் கட்டாதே.

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வந்த கடிதம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். அப்படிப்பட்ட கடிதத்தில் கிரைகாஸ் என்ற பதிவு எண் இரண்டு இடங்களில் வரும். ஒன்று நிறுவனத்துக்கு, மற்றொன்று படிப்புக்கு. இரண்டையும் `cricos.education.gov.au` பக்கத்தில் போட்டுப் பார். நிறுவனம், படிப்பு, படிக்கும் காலம் மூன்றும் கடிதத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அப்பத்தாவுக்கு எழுத இப்போதைக்கு எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதிக் கேட்பதுதான் அடுத்த வேலை.

இனி அந்த மூன்று பிழைகள். 'சீட்டு கிடைத்துவிட்டது' என்பது முதல் பிழை. தலைப்பில் 'கண்டிஷனல்' என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார். இருந்தால், சொன்ன நிபந்தனையை முடித்தால்தான் இடம் என்று பொருள். பெரும்பாலும் அது ஆங்கிலத் தேர்வாக இருக்கும். 'மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையாமல்' என்று எழுதியிருப்பார்கள். இந்த வரியின் பின்பாதியை விட்டுவிட்டு வாசிப்பவர்கள் அதிகம். மொத்தம் 6.5 எடுத்து எழுத்துப் பிரிவில் மட்டும் 5.5 வந்தால் நிபந்தனை நிறைவேறவில்லை. மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் தேர்வு நாளைக் குறிக்கும்போதே, ஒரு முறை தவறினாலும் கெடுவுக்குள் இன்னொரு முறை எழுத நாள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்.

'டாலர்' என்பது இரண்டாவது பிழை. நம் ஊரில் டாலர் என்றாலே அமெரிக்க டாலர். கடிதத்தில் AUD என்று இருந்தால் அது ஆஸ்திரேலிய டாலர், மதிப்பு அதைவிடக் குறைவு. வெறும் $ குறி மட்டும் இருந்தாலும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் சொல்வது தன் நாட்டுக் காசைத்தான். கியாட்டுக்கு மாற்றுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மியான்மர் நடுவண் வங்கி 2022 ஆகஸ்டில் அமெரிக்க டாலருக்கு வைத்த 2,100 கியாட் என்ற விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் தொகை கைக்கு எட்டுவதுபோல் தெரியும். வெளியே டாலர் கிடைக்கும் விலை அதற்கு வெகு மேலே. நீங்கள் உண்மையில் பணம் மாற்றப்போகும் இடத்தின் விலையை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதி விலை என்பதையும் பக்கத்தில் எழுது. அடுத்த மாதம் அந்தக் கணக்கு நிற்காது என்பது அப்பத்தாவுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது பிழைதான் குடும்பங்களை அதிகம் புரட்டிப்போடுகிறது. 20,600 என்பது இடத்தை ஒப்புக்கொள்ளும்போது கட்டும் முதல் தொகை மட்டுமே. நம் எடுத்துக்காட்டில் ஆண்டுக் கட்டணம் 36,000. முதல் அரையாண்டுக்கு 18,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 2,600, இரண்டும் சேர்ந்து 20,600. அப்பத்தாவுக்கு நீ மூன்று தொகைகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: இப்போது கட்டுவது, வங்கியில் இருப்பதாகக் காட்டுவது, முழுப் படிப்புக்கும் ஆவது.

காட்டும் பணம் என்பது விசாவுக்காக. ஓராண்டுச் சாப்பாடு, தங்குமிடச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் என்று 2024 மே மாதம் ஆஸ்திரேலிய அரசு நிர்ணயித்தது. அதோடு முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத 18,000 சேர்ந்தால் 47,710. பயணச் செலவு இதற்கு மேல். இது செலவழிந்துபோகும் பணமில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று காகிதத்தோடு காட்ட வேண்டும்.

முழுச் செலவைக் கணக்கிடும்போது கடிதத்தில் உள்ள 1,08,000 என்ற மொத்தத்தை அப்படியே எடுக்காதே. பக்கத்தில் 'இண்டிகேட்டிவ்' என்று இருக்கும். உத்தேசம் என்று பொருள், ஆண்டுதோறும் ஏறலாம். 5 விழுக்காடு ஏறும் என்று வைத்தால் 36,000, 37,800, 39,690 ஆகி 1,13,490 வரும். மூன்றாண்டு வாழ்க்கைச் செலவு 89,130. ஆக இரண்டு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். இந்த எண்ணை எழுத உனக்குக் கை வராது. ஆனாலும் எழுது. அவர் முதலாண்டுக்கு வயலை விற்றுவிட்டு, இரண்டாம் ஆண்டுக்கு விற்க ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாது.

'அங்கே வேலை பார்த்துக் கட்டிவிடுவேன்' என்று மட்டும் எழுதாதே. படிப்பு நடக்கும் நாள்களில் மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் உதவும், கல்லூரிக் கட்டணத்தை அடைக்காது.

பணம் போனால் திரும்புமா என்பதுதான் அப்பத்தா கேட்கப்போகும் முதல் கேள்வி. நல்ல கேள்வி, விடையும் தெளிவானது. விசா மறுக்கப்பட்டு அதனால் படிப்பைத் தொடங்க முடியாமல் போனால், கட்டிய கல்விக் கட்டணத்தில் 5 விழுக்காடு அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பல்கலைக்கழகம் திருப்பித் தர வேண்டும். இது அந்நாட்டுச் சட்டம். 18,000-க்கு 5 விழுக்காடு 900, ஆகவே பிடிப்பது 500. காப்பீட்டுப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. 2025 ஜூலையிலிருந்து அது 2,000 டாலர். நீயே மனம் மாறி விலகினால் கதை வேறு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் உள்ள விதிதான் பேசும், பெருந்தொகை போகலாம்.

கடிதத்தை இரண்டு பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் எழுது. தொகைகளை எண்ணிலும் எழுத்திலும் போடு. இப்படி அமையலாம்:

"அன்புள்ள அப்பத்தாவுக்கு, உங்கள் பேத்தி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வைபரில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது முதல் பக்கம் மட்டும்தான். கடிதம் முழுவதையும் நான் படித்துவிட்டேன். அதில் உள்ளதைச் சொல்கிறேன். மே 15-க்குள் உங்கள் முடிவு வேண்டும். அதுவரை எதையும் விற்க வேண்டாம்.

எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்னும் உறுதியாகவில்லை. நான் ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்ட மதிப்பெண் வாங்க வேண்டும். பிறகு முதல் பணம் கட்டினால் சேர்க்கை உறுதிச் சான்று வரும். அதை வைத்துத்தான் விசா கேட்க முடியும். விசா கிடைப்பது அந்த நாட்டு அரசின் கையில். வகுப்பு ஜூலை 20-இல் தொடங்கும். படிப்பு மூன்று வருஷம்.

கீழே உள்ளதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர், அமெரிக்க டாலர் இல்லை. முதலில் கட்ட வேண்டியது 20,600 (இருபதாயிரத்து அறுநூறு). விசாவுக்கு 2,000 (இரண்டாயிரம்). வங்கியில் இருப்பதாகக் காட்ட வேண்டியது 47,710 (நாற்பத்தேழாயிரத்து எழுநூற்றுப் பத்து), பயணச் செலவு தனி. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். கியாட்டில் எவ்வளவு என்று இன்றைய தேதி போட்டுத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

விசா கிடைக்காவிட்டால் கல்விக் கட்டணத்தில் 500 டாலர் போக மீதி திரும்ப வரும். விசாவுக்குக் கட்டிய 2,000 வராது. நானாகப் படிப்பை விட்டால் நிறைய நஷ்டம்.

அப்பா முதல் வருஷத்துக்குச் சமாளிக்கலாம் என்கிறார். இரண்டாம், மூன்றாம் வருஷத்துக்கு வழி இன்னும் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். உங்களால் எவ்வளவு முடியும், எதைத் தொடக் கூடாது என்பதை நீங்களே சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லுங்கள். தாய்லாந்து, மலேசியா பக்கம் செலவு குறைந்த படிப்பும் பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்புப் பேத்தி."

'தொடக் கூடாதது எது' என்று கேட்கும் அந்த வரியை எடுத்துவிடாதே. பாட்டிமார் தாங்களாக அதைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான், குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது, சங்கிலி ஏற்கெனவே அடகில் இருக்கிறதா என்பதெல்லாம் வெளியே வரும்.

அவர் சரி என்று சொல்லி வயலை விற்றால், விற்பனைப் பத்திரம், பணம் வங்கிக்கு வந்த ரசீது, அவர் உன் அப்பத்தா என்று காட்டும் குடும்பப் பத்திரங்கள் மூன்றையும் ஒரே உறையில் வை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று விழும் பெரிய தொகையைத்தான் விசா அதிகாரி முதலில் கேள்வி கேட்பார். பணம் கட்டுவதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காட்டியுள்ள வழியில் மட்டும் செய். ஏஜென்டின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் கட்டாதே. சேர்க்கை உறுதிச் சான்று கைக்கு வந்ததும் அப்பத்தாவுக்கு இரண்டாவது கடிதம் எழுது. 'இன்னும் உறுதியாகவில்லை' என்று முதல் கடிதத்தில் எழுதிய வரியை அப்போதுதான் மாற்றலாம்.